சொந்தப் பாட்டை எங்கே பதிவது? பதிப்புரிமை அலுவலகம், ஐபிஆர்எஸ், மேட்ச் டூல், கன்டென்ட் ஐடி: ஓர் ஒப்பீடு

சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் வீட்டு அறையிலேயே பாட்டு செய்கிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "அண்ணே, பாட்டை ரிஜிஸ்டர் பண்ணணும், எங்கே பண்றது?" என்பதுதான். அடுத்தவர் வீடியோவில் நம் பாட்டு ஓடினால் அந்தப் பணம் நமக்கே வரவேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். அதற்குப் பதிப்புரிமை அலுவலகம், இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்களின் சங்கமான ஐபிஆர்எஸ், யூடியூபின் காப்பிரைட் மேட்ச் டூல், யூடியூபின் கன்டென்ட் ஐடி என நான்கு வழிகளைச் சொல்வார்கள். நான்கும் ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல என்பதை முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கல்யாணப் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மெட்டு போட்டார், நண்பர் வரிகள் எழுதினார், தெரிந்த பெண் பாடினார், புரோகிராமர் ஒருவர் சம்பளத்துக்கு ட்ராக் செய்து கொடுத்தார். பாட்டு வெளியானதும் சென்னையில் கேண்டிட் வீடியோ எடுக்கிறவர்கள் அதை ஹைலைட்ஸில் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

பதிப்புரிமை அலுவலகம் தரும் சான்றிதழ் இந்தப் பணத்தை வசூலிக்காது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படைப்பு உருவானதுமே உரிமை வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. படிவம் XIV-ல் வரிகளுக்கு 500 ரூபாய், மெட்டுக்கு 500, ஒலிப்பதிவுக்கு 2,000 எனத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று பார்க்க 30 நாள் காத்திருப்பும் உண்டு. நாளைக்கு நீதிமன்றத்தில் "இது என் பாட்டு" என்று நிற்கவேண்டி வந்தால், பிரிவு 48-ன்படி பதிவேடு முதல்நிலைச் சான்றாக நிற்கும். பெரிதாக ஓடும், தகராறு வரும் என்று தோன்றுகிற பாட்டுக்கு இதைச் செய்யுங்கள். எல்லாப் பாட்டுக்கும் வேண்டாம்.

யூடியூபின் காப்பிரைட் மேட்ச் டூலுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வீடியோவை முழுதாகவோ ஏறத்தாழ முழுதாகவோ திரும்ப ஏற்றியவர்களைத்தான் அது காட்டும். காட்டினாலும் நீக்கச் சொல்லலாம், அல்லது செய்தி அனுப்பலாம். பணத்துக்கு அதில் வழி இல்லை. கல்யாண ஹைலைட்ஸில் ஒரு நிமிடம் பின்னணியாக ஓடும் பாட்டை அது பிடிக்கும் என்று நம்பவும் முடியாது.

வீடியோ விளம்பரப் பணம் வரும் வழி கன்டென்ட் ஐடி. உங்கள் ஒலிக்கோப்பிலிருந்து யூடியூப் ஒரு ஒலிக் கைரேகை எடுத்து வைத்துக்கொண்டு, ஏற்றப்படும் வீடியோக்களை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் உரிமைகோரல் விழும். வீடியோவைத் தடுக்கலாம், கண்காணிக்கலாம், அல்லது அதன் விளம்பர வருமானத்தைப் பெறலாம். அதிகப் படைப்புகள் வைத்திருக்கும் பெரிய உரிமையாளர்களுக்கே நேரடி அனுமதி கிடைக்கிறது. நம்மைப் போன்றவர்கள், நமக்காகப் பாட்டை அங்கே சேர்த்துத் தரும் இசை விநியோகஸ்தர் வழியாகத்தான் போகவேண்டும்.

விநியோகஸ்தர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினர் பாட்டுக்கு ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு வருமானத்தில் குறைந்த பங்கு எடுப்பார்கள். மற்றவர்கள் கட்டணம் வாங்காமல் கூடுதல் பங்கு எடுப்பார்கள். ஆண்டுக்கு 450 ரூபாயும் 20 சதவீதமும் ஒருவர், வெறும் 30 சதவீதம் இன்னொருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு ஆண்டுக்கு 4,500 ரூபாய் ஈட்டினால் இருவரிடமும் கையில் நிற்பது 3,150. அதற்குக் கீழே ஈட்டும் என்றால் கட்டணம் இல்லாதவரிடம் போவதே லாபம். முதல் பாட்டு வெளியிடுகிறவருக்கு நான் அதையே சொல்வேன்.

பணத்தைவிட முக்கியம், அந்தக் கோப்பில் இருக்கும் ஒவ்வொரு ஒலியும் உங்களுக்கு மட்டுமே உரியதா என்பது. நம் உதாரணத்தில் புரோகிராமர், முன்பே பதிவு செய்து விற்கப்படும் ஒலித்துண்டுகளின் தொகுப்பான ஒரு சாம்பிள் பேக்கிலிருந்து தவில் லூப்பை எடுத்து முன்னிசையில் அப்படியே வைத்துவிட்டார் என்று கொள்வோம். அந்த லூப்பை வாங்கிய யாரும் பயன்படுத்தலாம், அதில் தப்பில்லை. ஆனால் கன்டென்ட் ஐடியில் அது சேர்ந்தால், அதே லூப்பில் பாட்டு செய்த முன்பின் தெரியாத ஒருவரின் வீடியோமேலும் உங்கள் உரிமைகோரல் போய் விழும். பொருத்தம் எப்போதும் ஒரே முன்னிசை நொடிகளிலேயே வருகிறது, அந்த வீடியோக்களில் உங்கள் பாடகி குரலே இல்லை என்றால் காரணம் இதுதான். இப்படி எதிர்ப்புகள் குவிந்தால் விநியோகஸ்தர் பாட்டையே கன்டென்ட் ஐடியிலிருந்து எடுத்துவிடலாம். வாடகைக்கு வாங்கிய பீட்டும் கரோக்கி ட்ராக்கும் இதே கதைதான். தவிலை ஒரு கலைஞரை அழைத்து வாசிக்கவைத்துப் பதிவு செய்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

அடுத்தது காகிதம். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்கவேண்டும் என்கிறது பிரிவு 19. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே அது எடுத்துக்கொள்ளப்படும். கன்டென்ட் ஐடியிலோ உரிமை நாடுவாரியாகப் பதிவாகிறது. நண்பர் எழுதித் தந்த காகிதத்தில் "உலகம் முழுவதும்" என்ற சொல் இல்லையென்றால் கோலாலம்பூரில் ஓடும் வீடியோவுக்கு உங்கள் பிடி தளர்ந்துதான் இருக்கும்.

மூன்றாவது, ஒரே ஒலிப்பதிவை இரண்டு விநியோகஸ்தரிடம் கொடுப்பது. வரி எழுதிய நண்பரும் ஆர்வத்தில் வேறொரு விநியோகஸ்தர் வழியாக அதையே ஏற்றிவிட்டால், உரிமை முரண்பாடு எழும். அது தீரும்வரை பணம் உங்கள் கைக்கு வராது.

கன்டென்ட் ஐடி, உரிமையாளர் சொல்வதை நம்பித்தான் இயங்குகிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் இருவர் 50,000-க்கும் மேற்பட்ட பாடல்களைத் தங்களுடையவை என்று காட்டி, 2017 முதல் சில ஆண்டுகளில் 2 கோடி டாலருக்கு மேல் வாங்கிவிட்டார்கள். அதில் பெரும்பகுதி லத்தீன் இசைக் கலைஞர்களுக்குச் சேரவேண்டிய பணம். 2023-ல் சிறைத் தண்டனை கிடைத்தது. கன்டென்ட் ஐடியில் சேர்க்காமல் விட்ட பாட்டை வேறொருவர் சேர்த்துக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

உங்கள் பாட்டு உள்ள உங்கள் வீடியோவிலேயே தெரியாத பெயரில் உரிமைகோரல் வந்தால் தாமதிக்காமல் எதிர்ப்பு தெரிவியுங்கள். ஐந்து நாளுக்குள் தெரிவித்தால், உரிமைகோரல் விழுந்த முதல் நாளிலிருந்தே வருமானத்தை யூடியூப் நிறுத்தி வைக்கும். அதன்பின் தெரிவித்தால், தெரிவித்த நாளிலிருந்துதான். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள். பதில் இல்லையென்றால் உரிமைகோரல் தானாக விலகும்.

இவ்வளவும் ஒலிப்பதிவின் பணம். மெட்டுக்கும் வரிகளுக்கும் உரிய தொகை வேறு தடத்தில் வருகிறது. அதை இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் வாங்கித் தருவது ஐபிஆர்எஸ். 1969-ல் தொடங்கிய சங்கம். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, வரிகளின், மெட்டின் உரிமையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாலும் ராயல்டியில் சமபங்கு கேட்கும் உரிமை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உண்டு. உறுப்பினரானால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் பங்குவிகிதத்தோடு அங்கே அறிவிக்க வேண்டும். நம் உதாரணத்தில் மெட்டமைத்தவரும் நண்பரும் தனித்தனியே உறுப்பினராகி, பங்கை ஒரே மாதிரி எழுதவேண்டும்.

ஆகவே என் தேர்வு: ஒரே விநியோகஸ்தர் வழியாகக் கன்டென்ட் ஐடி, கூடவே ஐபிஆர்எஸ். சேர்த்த கையோடு உங்கள் சேனல், பாடகியின் சேனல், அனுமதி கொடுத்த வீடியோக்காரரின் சேனல் ஆகியவற்றை விலக்குப் பட்டியலில் போடச் சொல்லி விநியோகஸ்தருக்கு எழுதுங்கள். இல்லையென்றால் உங்கள் வீடியோமேலேயே உங்கள் பெயரில் உரிமைகோரல் விழும். பின்னால் விநியோகஸ்தரை மாற்ற நினைத்தால், பழையவரிடம் பாட்டைக் கன்டென்ட் ஐடியிலிருந்து எடுக்கச் சொல்லி, அவர் பெயரிலுள்ள உரிமைகோரல்கள் விலகியதைப் பார்த்த பிறகே ஒலிப்பதிவின் அடையாளமான அதே ஐஎஸ்ஆர்சி எண்ணோடு புதியவரிடம் கொடுங்கள்.