அட்டை விலையில் பாதியா, இயந்திர மணிக் கணக்கா?

சிங்கப்பூர்த் தேக்காவில் உள்ள நம் அச்சகத்தில் ஒருவர் 300 கல்யாணப் பத்திரிகைக்கு விலை கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீணாகும் தாளையும் சேர்த்து அட்டைக்கு 240 வெள்ளி, ஐந்து மணி நேரக் கூலி 90. வாடகை, மின்சாரம் போன்ற மேற்செலவை அட்டை விலையில் பாதி என்று போட்டால் 120, அடக்க விலை 450. அதே மேற்செலவை இயந்திரம் ஓடும் மணிக்கு 35 வீதம் இரண்டு மணிக்குப் போட்டால் 70, அடக்கம் 400.

அவர் மொத்தமே 80 வெள்ளி ஆகும் மலிவான அட்டைக்கு மாறினால்தான் கோளாறு தெரியும். இயந்திரம் அதே இரண்டு மணி நேரம் ஓடும். ஆனால் முதல் முறையில் மேற்செலவு 40 ஆகச் சுருங்கி, 30 வெள்ளி நம் கையை விட்டுப் போகும். நான் மணிக் கணக்கையே நம்புகிறேன். கையால் மடித்து ஒட்டும் வேலை மிகுந்தால் மட்டும் மேற்செலவைக் கூலி மணியை வைத்துப் பிரிப்பேன். லாபத்தை அடக்கத்தின் மேல்தான் சேர்க்க வேண்டும்.