போர்டில் ஜே.பி.கே. சின்னம் இருந்தது, நம்பி 4,800 வெள்ளி கட்டினோம்

பிறை, பட்டர்வொர்த் பக்கம் பிள்ளைகளைத் திறன் பயிற்சிக்கு அனுப்ப நினைக்கிறவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

என் அக்கா மகன் எஸ்.பி.எம். முடித்தான், கணிதம் தேறவில்லை. ஏர்கோன் வேலை கற்றுக்கொள்கிறேன் என்றான், நல்ல யோசனைதான் என்று நானே அந்த மையத்துக்குக் கூட்டிப்போனேன். வாசலில் பெரிய போர்டு, அதில் திறன் மேம்பாட்டுத் துறை, அதாவது ஜே.பி.கே.யின் சின்னம். எட்டு மாதத்தில் மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம். நிலை 2 கையில் கிடைக்கும் என்றார்கள். திறன் பயிற்சிக்குக் கடன் தரும் அரசு அமைப்பான பி.டி.பி.கே.யில் கடன் எடுக்கலாமா என்று அக்கா கேட்டார். "அது ரொம்ப நாள் இழுக்கும் அக்கா, எங்களிடமே மாதாமாதம் கட்டிவிடுங்கள்" என்றார் கவுண்டரில் இருந்த பெண். நாங்கள் அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். ஜே.பி.கே. அங்கீகரித்த பயிற்சிக்குத்தான் பி.டி.பி.கே. கடன் தரும். அவர்கள் கடன் பேச்சை ஏன் தட்டிக்கழித்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

எட்டு மாதம் முடிந்து பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலைக்குப் பேட்டி. மேற்பார்வையாளர் சான்றிதழைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு முழ நீளச் செம்புக் குழாயையும் பிளேரிங் கருவியையும் கொடுத்து, முனையை விரித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். இவன் குழாயை வெட்டினான், உள்விளிம்பில் நின்ற பிசிறைச் சுரண்டாமல் அப்படியே கருவியில் மாட்டித் திருகினான், விரிந்த வாய் ஓரத்தில் கீறிக்கொண்டது. அந்த வாயோடு நட்டை முறுக்கினால் வாயு கசியும். வகுப்பில் பதினான்கு பேருக்கு ஒரே ஒரு கேஜ், வெக்கூம் பம்ப் பாதி நாள் ஓடாது, இவன் மொத்தமாக இரண்டு தடவைதான் குழாய் விரித்துப் பார்த்திருக்கிறான்.

அப்புறம் சான்றிதழை வாங்கிப் பார்த்தவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். தங்க ஓரம் போட்ட தடித்த தாள், கீழே மைய இயக்குநரின் கையெழுத்து, மேலே 'சிஜில் பென்யெர்த்தாயான்'. வெறும் பங்கேற்புச் சான்றிதழ்! எஸ்.கே.எம். சான்றிதழை வழங்குவது ஜே.பி.கே., மையம் இல்லை.

அன்று இரவு myspike.my தளத்தில் அந்த மையத்தின் பெயரைத் தேடினேன். பெயர் இருந்தது. ஆனால் அங்கீகாரம் மோட்டார் வாகனப் பயிற்சிக்கு மட்டும்தான், ஏர்கோனுக்குக் கிடையாது. எல்லோரும் ஏமாறுகிற இடம் இதுதான். ஜே.பி.கே. ஒரு மையத்தை மொத்தமாக அங்கீகரிப்பதில்லை, ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாகத்தான் கொடுக்கிறது. நிலை 2க்கு இருந்தால் நிலை 3க்கும் இருக்கும் என்று அர்த்தமில்லை. போர்டில் சின்னம் போட்டது பொய்யில்லை, அதைக் காட்டி வேறு பயிற்சியை விற்றார்கள், அதுதான் கோபமாக வருகிறது. பணம் கட்டுவதற்கு முன் அந்தத் தளத்தில் பயிற்சியின் பெயர், நிலை, அங்கீகாரம் எந்தத் தேதிவரை என்று மூன்றையும் பாருங்கள்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பிள்ளை இருந்தால் அவனிடம் கோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். உண்மையான எஸ்.கே.எம். பயிற்சியில், செய்துகாட்டிய ஒவ்வொரு வேலைக்கும் சான்று ஒரு கோப்பில் சேரும், மதிப்பிடும் அதிகாரி கையெழுத்திடுவார், கடைசியில் ஜே.பி.கே. நியமித்த வெளி அதிகாரி ஒருவர் வந்து சரிபார்ப்பார். எங்கள் பையனிடம் கோப்பும் இல்லை, வெளியிலிருந்து யாரும் வரவும் இல்லை. பிள்ளையின் பெயர் ஜே.பி.கே.யில் பதிவாகியிருக்கிறதா என்று மையத்திடம் ஆதாரம் கேளுங்கள், "பிறகு காட்டுகிறேன்" என்றால் அடுத்த தவணையை நிறுத்துங்கள்.

இப்போது அவன் எஸ்.எல்.டி.என். முறையில் ஒரு ஏர்கோன் நிறுவனத்தில் தொழில் பழகுகிறான். நூற்றில் 70 முதல் 80 பங்கு வேலையிடத்தில், மிச்சம் வகுப்பில். ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டார்கள், மாதப் படித்தொகையும் வருகிறது, முடித்தால் கிடைப்பதும் அதே எஸ்.கே.எம்.தான். நாங்கள் மட்டும் முதலிலேயே இதைக் கேட்டிருந்தால் எட்டு மாதமும் பணமும் மிஞ்சியிருக்கும். போன வாரம் வீட்டு ஏர்கோன் குழாயை அவனே விரித்தான், பிசிறைச் சுரண்டி, குழாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, தூள் உள்ளே விழாமல். அக்கா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பணத்துக்காகப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளிவரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. ரசீது, விளம்பரத் தாள், அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் அக்கா பத்திரமாக வைத்திருந்ததால்தான் மனுவோடு இணைக்க முடிந்தது. அதே வகுப்பில் படித்த மற்ற பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள், மனு எழுத நான் உதவுகிறேன்.