டோக்கனுக்கு எது: %2B-யா, எழுத்து மாற்றமா?

தேக்கா டியூஷன் நிலையம் ஒன்றின் கடவுச்சொல் மாற்றும் லிங்க் சிலருக்கு மட்டும் வேலை செய்யவில்லை என்று வையுங்கள். டோக்கனில் fb ff fe என்ற மூன்று பைட்டுகள் வந்தால் பேஸ்64 அதை `+//+` ஆக்கும். அப்படியே `?t=` பின்னால் ஒட்டினால், சர்வர் `+` குறியை இடைவெளியாகப் படிக்கும். சில டோக்கன்கள் மட்டும் தோற்பதற்கு இதுதான் காரணம். `+` இல்லாதவை தப்பிவிடும்.

`%2B`, `%2F` என்று மாற்றுவது ஒரு வழி. ஆனால் இடையில் யாராவது மறுபடி மாற்றினால் `%252B` ஆகிவிடும்.

எழுத்து மாற்றமே மேல்: `+` இடத்தில் `-`, `/` இடத்தில் `_`. மேலே உள்ளது `-__-` ஆகும். 16 பைட் டோக்கன், கடைசி `==` போய், 24-லிருந்து 22 எழுத்தாகும். பைத்தான் டிகோடர் அந்த `=` இல்லாமல் பிழை தரும், திரும்பச் சேருங்கள்:

```
s += "=" * (-len(s) % 4)
```

நீளத்தை 4-ஆல் வகுத்து மீதி 1 வந்தால், லிங்க் பாதியில் அறுந்திருக்கிறது.