தொப்பியை எடுத்தாயிற்று, நெற்றி யாருடையது?

போன மாதம் ஒரு குடும்பம், பதினாறாம் நாள் காரியத்துக்கு மாட்டப் பெரிய படம் வேண்டுமென்று என் ஸ்டுடியோவுக்கு வந்தது. அப்பாவின் நல்ல படம் என்று கையில் இருந்தது ஒன்றே ஒன்று. கொடைக்கானலில் எடுத்தது, தலையில் நீலக் கேப், புருவம் வரை இறங்கியிருந்தது. தொப்பிக்கு மேல் மாலை போட்டால் நன்றாக இருக்காது, எடுத்துக் கொடுங்கள் என்றார்கள்.

இதற்கு இப்போது இரண்டு வழி. ஃபோட்டோஷாப்பில் தொப்பியைச் சுற்றித் தேர்ந்தெடுத்து, அந்த இடத்தை AI கொண்டு தானே நிரப்பும் Generative Fill கொடுப்பது ஒன்று. அதே ஆளின் வேறு படத்திலிருந்து நெற்றியையும் முடியையும் எடுத்துப் பொருத்துவது இன்னொன்று. பிரஷ்ஷால் முடி வரைகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கை கிடையாது, நான் வரைந்தால் பெரிய பிரிண்டில் விக் மாதிரி தெரியும்.

முதலில் Generative Fill தான் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மூன்று மாதிரிகள் வந்தன, மூன்றுமே அழகு. மகள் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்குண்ணே, ஆனா அப்பா மாதிரி இல்லையே” என்றார். கண், மூக்கு, மீசை எதையும் நான் தொடவில்லை. மாறியது நெற்றி மட்டும்தான்.

எனக்கு இதுதான் தீர்மானமான விஷயம். தொப்பிக்கு அடியில் என்ன இருந்தது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. அந்த வயது ஆளுக்குப் பொருந்தும் ஒரு நெற்றியை அது கொடுக்கும், அவருடைய நெற்றியைக் கொடுக்காது. இவருக்கோ இரண்டு ஓரமும் ஏறி, நடுவில் ஒரு கொத்து முடி முன்னால் நீண்டிருக்கும், வகிடு இடப்பக்கம். வீட்டார் ஆளை அடையாளம் பிடிப்பதில் அந்த முடிக்கோட்டுக்கும் பங்கு உண்டு.

அதனால் வேறு படம் கேட்டேன். ஒரு செல்ஃபியும், பத்து வருடத்துக்கு முந்தைய பாஸ்போர்ட் சைஸ் படமும் வந்தன. செல்ஃபி தெளிவாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒதுக்கிவிட்டேன். கை நீளத் தூரத்தில் எடுத்த முகத்தில் நடுப்பகுதி பெருத்து, காதுகள் பின்வாங்கியிருக்கும். அந்த நெற்றி தள்ளி நின்று எடுத்த முகத்தில் உட்காராது. பாஸ்போர்ட் படம் நேர்முகம், நிழல் இல்லாத ஸ்டுடியோ வெளிச்சம். நிழல் இல்லாததில் நமக்கு வேண்டிய நிழலைச் சேர்க்கலாம், இருக்கிற நிழலை எடுப்பதுதான் கஷ்டம். வெளிச்சம் எதிர்ப்பக்கம் இருந்தால் படத்தைத் திருப்பிப் போடுகிறவர்கள் உண்டு. திருப்பினால் வகிடும் பக்கம் மாறும், வீட்டில் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பாஸ்போர்ட் படத்தை மேலே வைத்து, பாதி ஒளிபுகும்படி செய்து, கண்மணியோடு கண்மணி, வாயோரத்தோடு வாயோரம் பொருத்தினேன். அப்புறம் உயரம். தாடையிலிருந்து கண் வரை எவ்வளவோ, கண்ணிலிருந்து உச்சி வரை ஏறக்குறைய அவ்வளவு இருக்க வேண்டும். இதை அளக்காமல் விட்டால் தலை தட்டையாகிவிடும். கறுத்த முடியை நரைக்க வைக்க, கேப்புக்குக் கீழே காதோரம் தெரிந்த முடியையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

நேரத்தைத் தின்றது கேப் விளிம்பின் நிழல். கேப் போனாலும் அதன் நிழல் கண்களின் மேலும் மூக்குத் தண்டிலும் அப்படியே கிடக்கும். நெற்றி வெளிச்சமாகவும் கண் இருட்டாகவும் இருந்தால் நோயாளி போலத் தெரியும். நிழல் பகுதி மட்டும் மாறும்படி மாஸ்க் போட்டு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் Curves-இல் இரண்டு தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினேன். வெளியில் விழும் நிழலில் வானத்தின் நீலம் கலந்திருக்கும், அதனால் நீலத்தையும் சற்றுக் குறைக்க வேண்டியிருந்தது. எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம்.

Generative Fill வீண் என்று சொல்லவில்லை. கேப் தலையைவிட உயரம், அதை எடுத்ததும் பின்னால் மரங்களுக்கு நடுவே ஓர் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டையை Generative Fill கொண்டுதான் நிரப்பினேன், குறையே தெரியவில்லை. முடியின் ஓரம் பின்னணியோடு சேரும் இடத்திலும் கை கொடுத்தது.

ஹெல்மெட் படம் இதுவரை இரண்டுதான் செய்திருக்கிறேன், அடித்துப் பேச முடியாது. கன்னம் அழுந்தியிருக்கும், காது முழுக்க மறைந்திருக்கும், தாடையில் வார் ஓடும். நெற்றியைவிட அவைதான் அதிக வேலை வாங்கின. பக்கவாட்டு முகம் இன்னும் வரவில்லை.

வேறு படமே கிடையாது என்கிறவர்களுக்கு Generative Fill தவிர எனக்கும் வழி தெரியவில்லை. அப்போது வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன். “இன்னும் கொஞ்சம் ஏத்துங்க, இந்தப் பக்கம் வழுக்கை” என்று அவர் சொல்லச் சொல்ல, முடிக்கோட்டைக் கையால் நகர்த்துகிறேன்.