கனத்த முடியைக் குறைக்கிறேன் என்று காளான் ஆக்கிவிட்டார்கள்

கோலாலம்பூர் புழுக்கத்தில் இடுப்பு வரை அடர்ந்த முடியைச் சுமப்பது எப்படி என்று சுமப்பவர்களுக்குத் தெரியும். காலையில் குளித்தால் மாலை வேலை முடிந்து வரும்போதும் பிடரி ஈரமாகவே இருக்கும். போன மாதம் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு ஒரு பேரங்காடியில் இருக்கும் சலூனுக்குப் போனேன். தோளுக்குக் கீழே நிற்கட்டும், வெயிலுக்குத் தூக்கிக் கட்ட வரவேண்டும் என்றேன்.

"அக்கா, முடி ரொம்ப கனம். மெலிசாக்கிடுறேன், காத்தாட இருக்கும்" என்றது அந்தப் பெண். ஈர முடியை இழுத்துப் பிடித்து வெட்டிவிட்டு, சீப்பு மாதிரி பல் வைத்த கத்தரியை எடுத்து உச்சியிலிருந்தே, தோலுக்கு இரண்டு விரல் தள்ளி, சரக் சரக்கென்று தலை முழுக்கப் போட்டது. கடைசியில் சூடு வைத்து நேராக்கியதும் கண்ணாடியில் அழகாகத்தான் இருந்தது. சந்தோஷமாக 120 வெள்ளி கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் தலைக்குக் குளித்தேன். அவ்வளவுதான். உள்ளே குட்டையாக வெட்டுப்பட்ட முடியெல்லாம் நிமிர்ந்து நின்று மேலே உள்ள நீள முடியை வெளியே தள்ளியது. ஈரக்காற்றில் அது இன்னும் உப்பி, காளான் குடை. என் முடி கொஞ்சம் சுருள். ஈரத்தில் இழுத்து வெட்டியது காய்ந்ததும் மேலே ஏறி, கழுத்தோடு ஒட்டி நின்றது. கட்டவும் எட்டவில்லை, கழுத்தில் காற்றும் படவில்லை. திரும்பப் போய்க் கேட்டால், "ரீபாண்டிங் பண்ணா படிஞ்சிடும் அக்கா, 350 வெள்ளி" என்கிறார்கள்! வெட்டிக் கெடுத்ததைக் காசு வாங்கிப் படிய வைக்கப் பார்க்கிறார்கள்.

பிறகு பிரிக்பீல்ட்ஸில் வயதான ஓர் அக்கா பார்த்துச் சொன்னார்: நம்மைப் போன்ற முடிக்குக் கனம் எடுக்க வேண்டிய இடம் உச்சி அல்ல, பிடரி. காதுக்குப் பின்னால் துருத்தும் எலும்புக்குக் கீழே இருக்கும் முடியை மட்டும் மெஷினால் ஒரு சென்டிமீட்டருக்கு ஒட்ட வெட்டினார். மேல் முடி அதை மூடிக்கொள்வதால் வெளியே தெரியாது. வியர்வை தேங்கும் இடமும் அதுதான். மாதம் ஒருமுறை திரும்ப வெட்டாவிட்டால் முள்ளாகக் குத்தும், அந்தச் செலவு உண்டு. பல் கத்தரி போடுவதென்றால் நுனியிலிருந்து பாதி நீளத்துக்குள்தான், மேல் அடுக்கைத் தொடவே கூடாதாம்.

ஆகவே நாற்காலியில் உட்காரும் முன்பே, "எங்கே மெலிசாக்கப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். உச்சியைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். நீளத்தைக் காய்ந்த முடியில் பிடித்துக் காட்டி, அந்த அளவில் ரப்பர் பேண்ட் போட வருகிறதா என்று அங்கேயே பாருங்கள்.

எனக்கு இப்போது பிடரியில் காற்று படுகிறது. உச்சியில்தான் அந்தக் குட்டை முடிகள் இன்னும் விறைத்துக்கொண்டு நிற்கின்றன. மாதம் ஒரு சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்து அவை படிய ஒரு வருஷமாவது ஆகும், அதுவரை கிளிப்தான்.