ஒரே மாதிரி லாரிகளும் நகராத பவுண்டும்: சமச்சீர் உடைப்பில் எனக்கு உதவியவை, உதவாதவை

சரக்கை லாரிகளுக்குப் பிரித்துப் போடும் முழு எண் மாதிரிகளைப் பல வருடங்களாக எழுதி வருகிறேன். லாகில் ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப வரும். சால்வர் நல்ல விடையை முதல் நிமிடத்திலேயே பிடித்துவிடும். அதற்குப் பிறகு தேடல் மரத்தின் நோடு எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகும். குறைந்தது இத்தனை லாரி வேண்டும் என்று அது காட்டும் கீழ் வரம்பு, அதாவது பவுண்டு, அசையாது. ‘இதைவிட நல்ல விடை இல்லை’ என்று நிரூபிக்க முடியாமல் தவிக்கிறது என்று அர்த்தம். இந்த மாதிரி வேலைகளில் நான் முதலில் சந்தேகப்படுவது சமச்சீரைத்தான், அதாவது லாரி எண்களை மாற்றிப் போட்டாலும் திட்டம் மாறாமல் இருப்பதை.

காகிதத்திலேயே போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். ஐந்து சரக்குகள்: 5.6, 5.8, 6.0, 6.2, 6.4 டன். 10 டன் லாரிகள் எட்டு நிற்கின்றன, எல்லாம் ஒரே ரகம். எந்த இரண்டு சரக்கும் ஒரே லாரியில் ஏறாது. ஆகவே ஐந்து லாரி வேண்டும். நமக்கு இது பார்த்ததும் தெரிகிறது. முழு எண் நிபந்தனையைத் தளர்த்திப் போடும் LP கணக்குக்குத் தெரியாது. மொத்தம் 30 டன், லாரிக்கு 10 டன், சரக்கைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போடலாம் என்பதால் அது மூன்று லாரி போதும் என்கிறது.

இனி கிளை பிரிக்க வேண்டும். i சரக்கு k லாரியில் ஏறினால் x[i,k] = 1 என்று வைத்திருக்கிறோம். முதல் சரக்கு லாரி 1-இல் ஏறக்கூடாது என்று ஒரு கிளை எடுத்தால், LP அதை லாரி 2-க்குத் தள்ளிவிட்டு மறுபடியும் 3 என்கிறது. ஏறியே ஆக வேண்டும் என்று எடுத்தால், அந்த லாரியில் மிச்சமிருக்கும் இடத்தை மற்ற சரக்குகளின் துண்டுகளால் நிரப்பிவிட்டு அப்போதும் 3. இரண்டு பக்கமும் பவுண்டு ஏறவில்லை. எந்தக் கிளையையும் வெட்ட வேண்டுமானால் ரொம்ப ஆழம் போக வேண்டும். அப்படி ஆழம் போய் ஒரு கிளையை மூடினாலும், லாரி எண்களை மட்டும் மாற்றிப் போட்ட அதே கிளை பக்கத்தில் திறந்தே கிடக்கும். ஐந்து சரக்கை எட்டு லாரிக்கு ஒதுக்க 32,768 வழிகள் உண்டு. அதில் 6,720 வழிகள் ‘ஆளுக்கொரு லாரி’ என்ற ஒரே திட்டத்தின் நகல்கள். பெரிய கணினி வாங்கினால் நகல்களை வேகமாக எண்ணலாம், அவ்வளவுதான்.

k லாரி ஓடினால் y[k] = 1 என்று வைத்தால், பெரும்பாலானோர் முதலில் எழுதுவது y[k] ≥ y[k+1]: முந்தைய லாரி ஓடினால்தான் அடுத்தது ஓடும். எழுதுவது சுலபம், தீங்கும் கிடையாது. ஆனால் இது எந்த ஐந்து லாரி என்ற கேள்வியை மட்டுமே தீர்க்கிறது. 6,720 நகல்கள் 120 ஆகும். ஓடும் ஐந்து லாரிகளுக்குள் இடம் மாற்றிக்கொள்ளும் அந்த 120 அப்படியே இருக்கும். எல்லா லாரியும் ஓடியே தீர வேண்டிய நாளில் இந்தக் கட்டுப்பாட்டால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. இதைப் போட்டுவிட்டு ‘சமச்சீரை உடைத்தாயிற்று’ என்று நிம்மதியாக இருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

எனக்கு நிலைத்து உழைத்தது வேறொன்று. முதல் சரக்கு எந்த லாரியில் ஏறுகிறதோ அதற்கு லாரி 1 என்று பெயர். அதில் ஏறாத சரக்குகளில் வரிசையில் முதலாவது எதில் ஏறுகிறதோ அது லாரி 2. இப்படியே பெயர் வைத்துக்கொண்டு போனால் i-ஆவது சரக்கு i-க்கு மேற்பட்ட எண்ணுள்ள லாரியில் ஏறவே முடியாது. இதற்குப் புதிய கட்டுப்பாடு எதுவும் தேவையில்லை, சில மாறிகளைப் பூஜ்யமாக்கினால் போதும். குரோபி சால்வரில் எழுதினால், எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால் இப்படி வரும்:

```
for i in range(n):
    for k in range(i + 1, K):
        x[i, k].UB = 0
```

32,768 ஒதுக்கீடுகள் 120 ஆகிவிடுகின்றன. நம் திட்டத்துக்கு ஒரே ஒரு நகல்தான் மிஞ்சுகிறது. இன்னும் இறுக்க வேண்டுமென்றால், முந்தைய லாரியில் இதற்கு முந்தைய சரக்கு ஏதாவது ஏறியிருந்தால்தான் இது k-இல் ஏறலாம் என்று சேர்க்கலாம். x[i,k] ≤ x[1,k-1] + … + x[i-1,k-1] என்று எழுதினால் 120 என்பது 52 ஆகும். ஆனால் கட்டுப்பாடுகள் பெருகும், LP கனக்கும். மாறிகளைப் பூஜ்யமாக்குவதையே நான் எப்போதும் போடுகிறேன். இந்தக் கூடுதல் கட்டுப்பாட்டை அளந்து பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பேன்.

சரக்கு வரிசையிலும் விஷயம் இருக்கிறது. விதி முதல் சில சரக்குகளைத்தான் பலமாகக் கட்டுகிறது. அங்கே கனமானவை இருந்தால்தான் பவுண்டு ஏறும். பாதிக் கொள்ளளவுக்கு மேல் எடையுள்ளவை ஒன்றோடொன்று ஜோடி சேராது என்பதால், அவற்றை ஆளுக்கொரு லாரியில் நேராக நிறுத்திவிடலாம். மேலே சொன்ன கணக்கு அந்த ஒரே படியில் தேடலே இல்லாமல் முடிந்துவிடும்.

அடுத்தது சுமை வரிசை: லாரி 1-இன் எடை லாரி 2-இன் எடைக்குக் குறையக்கூடாது, இப்படியே கடைசி லாரி வரை. இதை நான் கைவிட்டுவிட்டேன். எல்லா சரக்கும் எல்லா லாரியும் பின்னிய அடர்த்தியான கட்டுப்பாடு. சால்வர் தானாக நல்ல விடை தேடுவதையும் மெதுவாக்குகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, இதையும் லாரிக்குப் பெயர் வைக்கும் முந்தைய விதியையும் சேர்த்துப் போடுவது. தனித்தனியாக இரண்டும் சரிதான். சேர்ந்தால் என்ன ஆகும்?

7, 6, 4 டன் சரக்குகள், 10 டன் லாரிகள். சரியான விடை இரண்டு லாரி: ஒன்றில் 7, இன்னொன்றில் 6-உம் 4-உம். பெயர் வைக்கும் விதிப்படி 7 டன் லாரி 1-இல் ஏற வேண்டும். அப்போது லாரி 2-இல் 10 டன். சுமை வரிசை இதை மறுக்கிறது. 7, 6, 4 என்று மூன்று லாரியில் பிரித்தால் இரண்டு விதியும் திருப்தி. சால்வர் ‘உகந்த விடை 3’ என்று, இடைவெளி பூஜ்யமாக, துளியும் தயக்கமில்லாமல் அறிக்கை தரும். விடையே இல்லை என்று வந்திருந்தாலாவது சந்தேகம் வரும். இங்கே ஒரு லாரி வாடகை சத்தமில்லாமல் கூடுகிறது.

லாரிகளுக்குப் பெயர் வைக்க ஒரே ஒரு முறைதான் இருக்க வேண்டும். இரண்டு முறை கலந்தால் இப்படித்தான் ஆகும். கண்டுபிடிக்க எளிய வழி, சின்னத் தரவில் உடைப்பு இல்லாமல் ஒருமுறை, உடைப்போடு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது. திட்டங்கள் மாறலாம், குறிக்கோள் மதிப்பு மாறக்கூடாது. பெரிய தரவென்றால், கைவசம் உள்ள ஒரு நல்ல திட்டத்தின் லாரி எண்களை விதிப்படி மாற்றித் தொடக்க விடையாகக் கொடுத்துப் பார்ப்பேன். சால்வர் அதை ஏற்கவில்லை என்றால் விதிகளுக்குள் சண்டை.

லாரிகள் நிஜமாகவே ஒன்றா என்பதையும் தரவு மாறும்போதெல்லாம் பார்க்க வேண்டும். ஒரு லாரிக்கு வாடகை கொஞ்சம் கூடுதல், இன்னொன்றில் ஏற்கெனவே பாதிச் சுமை என்று வந்துவிட்டால் பெயரை மாற்றிப் போட முடியாது. ஒரே ரகமானவற்றைக் குழுவாக்கி, குழுவுக்குள் மட்டுமே விதியைப் போட வேண்டும்.

‘சால்வரே பார்த்துக்கொள்ளாதா?’ என்பார்கள். ஓரளவு பார்த்துக்கொள்ளும். குரோபியில் `Symmetry`, ஹைஸில் `mip_detect_symmetry` என்ற அமைப்புகள் இருக்கின்றன. சமச்சீரைக் கண்டுபிடித்து, ஒரு கிளையில் தெரிந்ததை அதன் நகல்களுக்கும் செலுத்துகின்றன. நாம் கையால் கட்டுப்பாடு எழுதினால் அந்தச் சமச்சீர் சால்வரின் கண்ணிலிருந்து மறைந்துவிடும். சில மாதிரிகளில் என் கட்டுப்பாடுகளை எடுத்தபிறகுதான் வேகம் வந்திருக்கிறது. ஆகவே இரண்டு விதமாகவும், ரேண்டம் சீடை மாற்றி மாற்றி ஓட்டிவிட்டுத்தான் முடிவெடுக்கிறேன். ஒரே ஓட்டத்தை நம்பி ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

இவ்வளவு செய்தும் பவுண்டு நகரவில்லை என்றால் லாரி எண்ணையே மாதிரியிலிருந்து எடுத்துவிடுவேன். ஒரு லாரியில் சேர்ந்து ஏறக்கூடிய சரக்குத் தொகுப்பு ஒவ்வொன்றும் ஒரு மாறி. கில்மோரும் கோமரியும் 1961-இல் வெட்டுத் திட்டங்களுக்கு இப்படித்தான் எழுதினார்கள். நம் ஐந்து சரக்குக் கணக்கில் ஒற்றைச் சரக்குத் தொகுப்புகள் மட்டுமே சாத்தியம் என்பதால் LP முதல் வரியிலேயே 5 என்று சொல்லிவிடும். தொகுப்புகள் கோடிக்கணக்கில் பெருகும்போது அவற்றைத் தேவைக்கேற்ப உருவாக்கும் நிரல் எழுத வேண்டும், அதற்கு உழைப்பு அதிகம். அதனால்தான் மேலே உள்ள மூன்று வரிகளை முதலில் போட்டுப் பார்க்கிறேன்.