14 மணி நேர விமானம், 2 வயதுக் குழந்தை: எதை எப்போது நீட்டுவது?

சென்னையிலிருந்து துபாய் வரையான 4 மணி நேரத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். பின்னிரவில் கிளம்பும் விமானமாக இருந்தால் குழந்தை பெரும்பாலும் தூங்கிவிடும். துபாயிலிருந்து நியூயார்க் போகும் 14 மணி நேரம்தான் பாடு. தின்பண்டம், ஸ்டிக்கர், டேப்லெட் எல்லாம் எல்லோர் பையிலும் இருக்கும். எதை எப்போது வெளியே எடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் தின்பண்டம். பிஸ்கட், சாக்லேட் ஒரு பக்கம். பொரி, இட்லித் துண்டு இன்னொரு பக்கம். சாக்லேட்டில் உள்ள சர்க்கரை பிள்ளையைத் துள்ள வைக்கும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். ஆய்வுகளில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதன் குறை வேறு: இரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோகும், கை வாயெல்லாம் ஈஷிக்கொள்ளும், உடனே அடுத்தது வேண்டும் என்று அழுகை வரும். பொரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்ன நேரம் பிடிக்கும். வாரத்துக்கு ஏழு அறை இருக்கும் மாத்திரை டப்பா ஒன்றைப் புதிதாக வாங்கி, ஒவ்வொரு அறையிலும் கொஞ்சம் பொரி, சின்னச் சப்பாத்தித் துண்டு, சீஸ் என்று மாற்றி மாற்றிப் போட்டுக் கொடுங்கள். மூடியைத் திறந்து பார்ப்பதே ஒரு விளையாட்டாகிவிடும். இட்லியை முதல் சில மணி நேரத்துக்குள் காலி செய்துவிடுங்கள். வேர்க்கடலை, பாப்கார்ன், முழுத் திராட்சை மூன்றும் இந்த வயதுக்கு ஆகாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். திராட்சை கொடுத்தே ஆக வேண்டுமென்றால் நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள்.

பாலை மட்டும் கடைசிவரை மிச்சம் வையுங்கள். தரையிறங்குவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பே விமானம் கீழே வரத் தொடங்கிவிடும். காது வலி அதிகம் வருவது அப்போதுதான். விழுங்க விழுங்கத்தான் காதடைப்பு விடும் என்பதால், அந்த நேரத்தில் குழந்தை விழித்திருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது நல்லது. குழந்தைக்கான பாலுக்கு 100 மில்லி வரம்பு பொதுவாகப் பொருந்தாது; பாதுகாப்புச் சோதனையில் தனியாக எடுத்துக் காட்டினால் போதும்.

அடுத்து, டேப்லெட்டா ஸ்டிக்கரா? எவ்வளவு நேரம் தாங்கும் என்று மட்டும் பார்த்தால் டேப்லெட்டை எதுவும் ஜெயிக்க முடியாது. அதனால்தான் அதை முதலில் எடுக்கக் கூடாது. ஒரு முறை அதைப் பார்த்துவிட்ட பிள்ளைக்கு அப்புறம் ஸ்டிக்கர் குப்பைதான். முதல் பாதியில் ஸ்டிக்கர், தண்ணீர்ப் பேனாவால் தடவினால் படம் தெரியும் அட்டை போன்றவை போதும். ஸ்டிக்கர்களைச் சுற்றியுள்ள வெற்றுத் தாளை வீட்டிலேயே உரித்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பிஞ்சு விரலால் ஸ்டிக்கரைக் கிளப்ப முடியாமல் அதற்கே ஒரு அழுகை. கிரேயான் வாங்கினால் முக்கோண வடிவில் வாங்குங்கள், உருண்டு இருக்கைக்கு அடியில் போகாது. டேப்லெட்டில் படங்களை முன்பே இறக்கி வைத்து, ஹெட்போனை வீட்டிலேயே மாட்டிப் பழக்குங்கள். எதிரே உள்ள விமானத் திரையைக் குழந்தையிடம் விட்டால், முன் இருக்கைக்காரரின் முதுகில் 14 மணி நேரம் குத்து விழும், பாவம்.

இனி அழுகை. ஒன்பதாவது மணி நேரம், பெல்ட் போட மாட்டேன் என்று உடம்பை வில்லாக வளைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பசி, ஈர டயப்பர், தூக்கம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். பெல்ட் விளக்கு அணைந்திருந்தால் தூக்கிக்கொண்டு நடப்பதே மேல். பின்கோடிக்குப் போய், பணிப்பெண்ணிடம் கேட்டுவிட்டு ஓரமாகச் சற்று நில்லுங்கள். இருக்கையிலேயே அமுக்கிப் பிடித்தால் அழுகை ஏறும். விளக்கு எரிந்தால் நடக்க வழியில்லை. பெல்ட்டைப் போட்டுவிட்டு, குனிந்து நெஞ்சில் கை வைத்து ஒரே வாக்கியத்தைத் தாழ்ந்த குரலில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். "என்னடா வேணும்?" என்று கேள்வியாகக் கேட்டால் கத்தல்தான் கூடும். அதுவும் பலிக்காவிட்டால் மிச்சம் வைத்த டேப்லெட்டை எடுங்கள். லஞ்சம்தான், ஆனால் விமானம் குலுங்கும்போது பெல்ட் அவிழாமல் இருப்பது முக்கியம்.

தூக்கத்துக்குச் சிரப் கொடுப்பது சிலர் கையாளும் இன்னொரு வழி. எனக்கு அதில் உடன்பாடில்லை. இதற்காகப் பலர் கேட்கும் புரோமெதசினை 2 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, மூச்சு தடைப்படும் ஆபத்து உண்டு. அந்த வயதைத் தாண்டிய சில குழந்தைகளையும் தூங்க வைப்பதற்குப் பதிலாக அது பரபரப்பாக்கிவிடும். அப்படி ஆனால் மீதி இரவு முழுக்க நடைபாதையில்தான் கழியும். மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள்.